ஐபி முகவரியை விட்டு ஆளைப் பார்க்கும் அனுமதி: செக்யூரிட்டி குரூப் டேக் அறிமுகம்

புதுச்சேரியில் தலைமை மருத்துவமனையும் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கிளையும் கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையைக் கற்பனை செய்துகொள்வோம். எலும்பு மருத்துவர் ஒருவர் காலையில் புதுச்சேரியில் புறநோயாளிகளைப் பார்க்கிறார். மாலையில் அரியாங்குப்பம் வழியாகக் கடலூருக்கு வந்து அங்கே பார்க்கிறார். இரண்டு இடத்திலும் அவர் திறப்பது ஒரே மடிக்கணினியைத்தான். பார்க்க வேண்டியதும் புதுச்சேரியில் உள்ள ஒரே சர்வரில் இருக்கும் எக்ஸ்ரே, எம்ஆர்ஐ படங்களைத்தான். ஆனால் காலையில் அவர் கணினியின் ஐபி முகவரி 10.1.12.41 என்றால், மாலையில் அது 10.2.11.37 ஆகிவிடுகிறது. நெட்வொர்க்கைப் பொறுத்தவரை இவை இரண்டு வெவ்வேறு கணினிகள். அவற்றுக்குப் பின்னால் ஒரே மருத்துவர் அமர்ந்திருக்கிறார் என்பதை அந்த எண்களிலிருந்து அறிய வழியில்லை.

இதனால்தான் பல நிறுவனங்களில், ஒரே சுவிட்ச்சைப் பல தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் வி-லேன் முறையில், பணிக்கு ஒரு வி-லேன், அந்த வி-லேனுக்கு ஒரு ஐபி வரம்பு, அந்த வரம்புக்கு ஓர் அனுமதிப் பட்டியல் என்று அமைக்கிறார்கள். நம் மருத்துவமனையில் புதுச்சேரிக் கட்டடத்தின் நான்கு தளங்களும் கடலூர்க் கிளையின் இரண்டு தளங்களுமாக 6 இடங்கள் உள்ளன என்றும், மருத்துவர், செவிலியர், கட்டணப் பிரிவு, ஸ்கேன் கருவிகள் என 4 வகையினர் ஒவ்வொரு தளத்திலும் இருக்கிறார்கள் என்றும் வைத்துக்கொண்டால், 24 வி-லேன்களும் 24 ஐபி வரம்புகளும் தேவைப்படும். மருத்துவர்கள் மூன்று சர்வர்களை அணுகலாம் என்ற ஒரே ஒரு முடிவை எழுதவே, மருத்துவர்களுக்குரிய 6 வரம்புகளையும் மூன்று சர்வர்களோடு பெருக்கி 18 வரிகள் எழுத வேண்டும். புதுச்சேரியில் ஐந்தாவது தளம் கட்டினால் மேலும் 4 வி-லேன்கள் பிறக்கும். பழைய பட்டியல்கள் எல்லாவற்றையும் திறந்து வரிகளைச் சேர்க்க வேண்டும். இப்படிச் சில ஆண்டுகள் வளர்ந்த பட்டியலில் எந்த வரி யாருக்காக எழுதப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால் நீக்கவும் துணிய மாட்டார்கள்.

செக்யூரிட்டி குரூப் டேக் என்பது இந்தச் சிக்கலைப் பிரித்துக் கையாளும் முறை. சிஸ்கோ நிறுவனத்தின் டிரஸ்ட்செக் என்னும் தொழில்நுட்பத்தின் பகுதியாக வந்த இதைச் சுருக்கமாக எஸ்ஜிடி என்பார்கள். இது 16 பிட் எண். அதாவது 0 முதல் 65535 வரையிலான ஒரு மதிப்பு. கணினி நெட்வொர்க்கில் சேரும்போது, அதைப் பயன்படுத்துபவரின் பணியைப் பொறுத்து இந்த எண் ஒதுக்கப்படுகிறது. நம் மருத்துவமனையில் மருத்துவர்களுக்கு 20, கட்டணப் பிரிவுக்கு 30, ஸ்கேன் கருவிகளுக்கு 50, படங்களைச் சேமிக்கும் சர்வர்களுக்கு 120 என்று நாமே தீர்மானிக்கலாம். அதன் பிறகு அனுமதி விதி எந்த ஐபி முகவரியையும் குறிப்பிடாமல், 20 என்ற டேக்கிலிருந்து 120 என்ற டேக்குக்கு எது போகலாம் என்று மட்டும் சொல்கிறது. மருத்துவர் எந்தத் தளத்தில், எந்த ஊரில், எந்த வி-லேனில் அமர்ந்தாலும் அந்த விதி மாறுவதில்லை.

இந்த எண் எப்படி ஒட்டிக்கொள்கிறது என்பதைக் கடலூரில் மாலை நேரத்தில் நடப்பதை வைத்துப் பார்க்கலாம். மருத்துவர் தம் அறையில் உள்ள சுவரில் கேபிளைச் செருகுகிறார். மறுமுனையில் உள்ள சுவிட்ச், 802.1எக்ஸ் என்னும் முறைப்படி, தன்னை அடையாளம் காட்டும்வரை அந்தக் கணினியை நெட்வொர்க்குக்குள் விடுவதில்லை. கணினி தரும் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும், அல்லது சான்றிதழையும், சுவிட்ச் தானே சரிபார்ப்பதில்லை. ரேடியஸ் என்னும் நெறிமுறை வழியாக ஐஎஸ்இ எனப்படும் அடையாளச் சர்வருக்கு அனுப்பிவிடுகிறது. ஐஎஸ்இ, நிறுவனத்தின் பயனர் பட்டியலில் அவர் மருத்துவர்கள் குழுவில் இருக்கிறாரா என்று பார்த்து, இருந்தால் அனுமதியோடு சேர்த்து இப்படி ஒரு வரியையும் திருப்பி அனுப்புகிறது:

```
cisco-av-pair = cts:security-group-tag=0014-00
```

இங்கே 0014 என்பதைப் பார்த்து டேக் 14 என்று எண்ணிவிடக் கூடாது. அது பதினாறடிமான எண். நம் வழக்கமான கணக்கில் அது 20. பதிவுகளைப் படிக்கத் தொடங்கும் பலர் முதலில் தடுமாறும் இடம் இது.

சுவிட்ச் இப்போது இந்த போர்ட்டில் இருப்பவர் 20 என்று குறித்துக்கொள்கிறது. கணினிக்கு ஐபி முகவரி கிடைத்ததும் அதையும் கவனித்து, 10.2.11.37 என்பது 20 என்று தன் அட்டவணையில் எழுதிவைக்கிறது. ஸ்கேன் கருவிகள் பெரும்பாலும் பயனர் பெயர் கேட்டால் பதில் சொல்லத் தெரியாதவை. அவற்றுக்கு மேக் முகவரியை வைத்து டேக் தருவார்கள். மேக் முகவரியைப் போலியாக மாற்றிக்கொள்வது எளிது என்பதால், அப்படிக் கிடைத்த டேக்குக்குத் தரும் அனுமதியை மிகக் குறுகியதாக வைப்பதே முறை. சர்வர்கள் இடம் மாறுவதில்லை. ஆகவே அவற்றுக்கு நிர்வாகியே கையால் டேக்கை எழுதிவிடலாம். அட்டவணையைப் பார்க்கும் கட்டளையும், புதுச்சேரியில் சர்வர்கள் இணைந்துள்ள சுவிட்ச்சில் அது தரும் விடையின் முக்கியப் பகுதியும் இப்படி இருக்கும்:

```
show cts role-based sgt-map all

IP Address      SGT     Source
==============================
10.1.50.8       120     CLI
10.2.11.37      20      SXP
```

முதல் வரி, நிர்வாகி கையால் எழுதியது. இரண்டாவது வரி நம் மருத்துவருடையது. அது கடலூர் சுவிட்ச்சிலிருந்து வந்து சேர்ந்தது. எப்படி வந்தது என்பதுதான் அடுத்த கேள்வி.

டேக்கைக் கொண்டுசெல்ல இரண்டு வழிகள் பரவலாக உள்ளன. ஒரே கட்டடத்துக்குள் இருக்கும், இதற்கு ஏற்ற சுவிட்ச்கள் என்றால், ஒவ்வொரு ஈதர்நெட் சட்டகத்திலும் 8 பைட் அளவுள்ள கூடுதல் தலைப்பைச் சேர்த்து, அதற்குள் டேக்கை வைத்து அனுப்பலாம். பாக்கெட்டோடு டேக்கும் பயணிப்பதால் இதுவே நேரான வழி. ஆனால் இணைப்பின் இரு முனைகளும் இதற்குத் தயாராக அமைக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு முனை டேக்கோடு அனுப்ப, அந்தத் தலைப்பின் வகையைச் சொல்லும் 0x8909 என்னும் ஈதர்டைப் மறுமுனைக்குப் புரியாவிட்டால், சட்டகங்கள் அங்கேயே கைவிடப்படும். கேபிளில் விளக்கு எரியும், போர்ட் இயங்குவதாகக் காட்டும். போக்குவரத்து மட்டும் இருக்காது.

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே இருப்பதோ தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்த இணைப்பு. நடுவில் இருக்கும் அவர்களின் கருவிகள் நம் கூடுதல் தலைப்பைக் கடத்தித்தரும் என்று எதிர்பார்க்க முடியாது. இங்கேதான் எஸ்எக்ஸ்பி என்னும் நெறிமுறை பயன்படுகிறது. இதில் பாக்கெட்டுகள் டேக் இல்லாமல் வழக்கம்போலப் போகும். அவற்றுக்கு வெளியே, டிசிபி 64999 என்னும் போர்ட்டில் இரு சுவிட்ச்கள் தனியே ஓர் இணைப்பை வைத்துக்கொண்டு, எந்த ஐபி முகவரிக்கு எந்த டேக் என்ற தகவலை மட்டும் பரிமாறிக்கொள்ளும். கடலூர் சுவிட்ச் சொல்லும் பக்கம். புதுச்சேரி சுவிட்ச் கேட்கும் பக்கம். மருத்துவர் கேபிளைச் செருகிய சில நொடிகளில் 10.2.11.37 என்பது 20 என்ற செய்தி புதுச்சேரிக்குப் போய்விடுகிறது. அவர் கேபிளைப் பிடுங்கியதும் அந்த வரி திரும்பப் பெறப்படுகிறது.

ஆகவே ஐபி முகவரியே வேண்டாம் என்ற பேச்சு சற்று மிகையானது. விதியில் ஐபி முகவரி இல்லை என்பதே சரி. யார் எந்த எண் என்று தெரிந்துகொள்ளும் அட்டவணையில் அது இன்னமும் இருக்கிறது; ஆனால் அந்த அட்டவணையை மனிதர் கையால் பராமரிக்க வேண்டியதில்லை, மருத்துவர் வந்தால் வரி தானாகச் சேர்ந்து, போனால் தானாக நீங்குகிறது என்பதுதான் வேறுபாடு.

இனி, விதி எங்கே செயல்படுகிறது என்பதைப் பார்ப்போம். இந்த முறையைப் புரிந்துகொள்வதில் இதுவே மையமான இடம் என்று நான் கருதுகிறேன். வழக்கமான அனுமதிப் பட்டியலை, பாக்கெட் நெட்வொர்க்குக்குள் நுழையும் இடத்துக்கு அருகிலேயே வைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. டேக் முறையில் அனுப்புபவரின் டேக் நுழையும் இடத்தில் தெரிந்துவிடுகிறது. ஆனால் பெறுபவரின் டேக் என்ன என்பது பெறுபவர் இணைந்திருக்கும் சுவிட்ச்சுக்குத்தான் உறுதியாகத் தெரியும். இரண்டும் தெரிந்தால்தான் முடிவெடுக்க முடியும் என்பதால், விதி வெளியேறும் முனையில், அதாவது சர்வர் இணைந்துள்ள புதுச்சேரி சுவிட்ச்சில் செயல்படுகிறது. அந்த சுவிட்ச் ஐஎஸ்இயிடம் 120க்கு வரும் போக்குவரத்துக்கான விதிகளை மட்டும் கேட்டுப் பெற்றுக்கொள்கிறது. தன்னிடம் இல்லாத டேக்குகளுக்குரிய விதிகளைச் சுமப்பதில்லை. இதற்கு ஒரு விலையும் உண்டு. கடலூரிலிருந்து மறுக்கப்படவேண்டிய பாக்கெட்டும் புதுச்சேரிவரை பயணம் செய்துதான் மறுக்கப்படும். இணைப்பு குறுகலாக இருந்தால் இது கவனிக்க வேண்டிய செலவு.

ஐஎஸ்இயில் இந்த விதிகள் கட்டங்கள் நிறைந்த ஒரு பலகையாகத் தெரியும். இடப்பக்கம் அனுப்பும் டேக்குகள், மேலே பெறும் டேக்குகள், இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் எஸ்ஜிஏசிஎல் எனப்படும் சிறு பட்டியல். மருத்துவர் 20 பட சர்வர் 120ஐச் சந்திக்கும் கட்டத்தில் இவ்வளவுதான் இருக்கும்:

```
permit tcp dst eq 443
deny ip log
```

படங்களை உலாவியில் பார்க்க 443 போதும். ஸ்கேன் கருவி 50 பட சர்வரைச் சந்திக்கும் கட்டத்தில் 443க்குப் பதிலாக, மருத்துவப் படங்களை அனுப்பும் டைகாம் நெறிமுறைக்குரிய 104ஐ எழுதினால் போதும். கட்டணப் பிரிவு 30 பட சர்வரைச் சந்திக்கும் கட்டத்தில் மறுப்பு மட்டுமே. முன்பு 18 வரிகளில் எழுதிய மருத்துவர் விதி, சர்வர் வகைக்கு ஒரு கட்டமாகச் சுருங்கிவிட்டது. ஐந்தாவது தளம் கட்டினாலும் இந்தக் கட்டங்களில் தொட வேண்டியது ஒன்றும் இல்லை.

மேலே உள்ள வரிகளில் மூல முகவரியோ சேரும் முகவரியோ இல்லாததைக் கவனியுங்கள். அதே சமயம் இந்தப் பட்டியல் உரையாடலின் நிலையை நினைவில் வைப்பதும் இல்லை. மருத்துவர் அனுப்பிய கோரிக்கைக்கு சர்வர் அனுப்பும் பதில், 120இலிருந்து 20க்குப் போகும் வேறொரு போக்குவரத்து. அது வேறொரு கட்டத்தைச் சேர்ந்தது. அது செயல்படும் இடமும் கடலூர் சுவிட்ச்தான். எழுதப்படாத கட்டங்களுக்கெல்லாம் அனுமதி என்று பொது விதி இருந்தால் பதில் சிக்கலின்றி வந்துவிடும். பொது விதியை மறுப்பு என்று மாற்றிய அன்றுதான், போன கோரிக்கைக்குப் பதில் வராமல் நிற்பதைப் பார்ப்போம். அப்போது எதிர்த்திசைக் கட்டத்தில் `permit tcp src eq 443` என்று எழுத வேண்டும். அதோடு, 10.1.50.8 என்பது 120 என்ற செய்தி கடலூர் சுவிட்ச்சுக்கும் தெரிந்திருக்க வேண்டும். எஸ்எக்ஸ்பி ஒரு திசையில் மட்டும் அமைக்கப்பட்டிருந்தால் அது தெரியாது.

டேக் தெரியாதபோது சுவிட்ச் என்ன செய்கிறது என்பதில்தான் நடைமுறைத் தவறுகளில் பெரும்பகுதி ஒளிந்திருக்கிறது. தெரியாத முகவரிக்கு 0 என்ற டேக் கொள்ளப்படுகிறது. அதற்கு ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். நம் மருத்துவமனை 10.1.50.9 என்ற முகவரியில் இரண்டாவது பட சர்வரை வைக்கிறது. சர்வர் நன்றாக வேலை செய்கிறது; மருத்துவர்கள் படம் பார்க்கிறார்கள்; யாரும் குறை சொல்லவில்லை. ஒருநாள் கட்டணப் பிரிவில் உள்ள ஒருவர் அந்த முகவரியைத் தட்டிப் பார்க்க, உள்நுழையும் பக்கம் திறக்கிறது. ஐஎஸ்இயில் 30க்கும் 120க்கும் உரிய கட்டம் மறுப்பு என்றே சிவப்பாக நிற்கிறது. விதி சரி, விளைவு தவறு.

இந்நிலையில் விதியைத் திரும்பத் திரும்பப் படிப்பதில் பயனில்லை. சுவிட்ச்சில் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும்:

```
show cts role-based counters from 30 to 120
```

கட்டணப் பிரிவிலிருந்து பக்கத்தை மறுபடியும் திறந்தபிறகு இதை ஓட்டினால், மறுக்கப்பட்டவை என்னும் நிரலில் எண் ஏறவில்லை என்று தெரிகிறது. அதாவது பாக்கெட் அந்தக் கட்டத்துக்கே வரவில்லை. அடுத்து அட்டவணையைத் திறந்தால் 10.1.50.8க்கு வரி இருக்கிறது, 10.1.50.9க்கு இல்லை. புதிய சர்வருக்கு டேக் தர யாரும் நினைக்கவில்லை. சுவிட்ச் அதை 0 என்று எடுத்துக்கொண்டு, 30இலிருந்து 0க்குத் தனி விதி இல்லாததால் பொது விதியின்படி அனுமதித்துவிட்டது. மருத்துவர்களுக்கு வேலை செய்ததும் அதே காரணத்தால்தான். திருத்தம் ஒரே வரி:

```
cts role-based sgt-map 10.1.50.9 sgt 120
```

இதைவிடப் பாதுகாப்பானது, 10.1.50.0/24 என்ற வரம்பு முழுவதற்கும் 120 என்று ஒரு வரி எழுதிவிட்டு, அதில் விதிவிலக்கான சர்வர்களுக்கு மட்டும் தனி முகவரியாக வேறு டேக் தருவது. குறுகிய வரம்பே முன்னுரிமை பெறும் என்பதால் தனி வரி வெல்லும். அப்போது நாளை வரும் மூன்றாவது சர்வர், யாரும் கவனிக்காவிட்டாலும், மூடிய பக்கத்திலேயே விழும்.

எண்ணிக்கை ஏறாததற்கு வேறொரு காரணமும் உண்டு. விதி சுவிட்ச்சில் இறங்கியிருந்தாலும், அதைச் செயல்படுத்தும் கட்டளை தனியே கொடுக்கப்பட வேண்டும். வி-லேன்களுக்கு அது மேலும் தனியாகக் கொடுக்கப்பட வேண்டும்:

```
cts role-based enforcement
cts role-based enforcement vlan-list 50,60
```

இரண்டாவது வரியை மறந்தால், அந்த வி-லேன்களுக்குள் இருக்கும் கருவிகளுக்கு விதி பொருந்தாமலே போகும். டேக் இருக்கும், விதி இருக்கும், தடுப்பு மட்டும் இருக்காது.

இந்த இரண்டாவது வரியால் வி-லேன் முறையில் எளிதில் செய்ய முடியாத ஒரு காரியமும் கைகூடுகிறது. கட்டணப் பிரிவில் அடுத்தடுத்த மேசைகளில் உள்ள இரண்டு கணினிகள் ஒரே வி-லேனில் இருந்தால், அவற்றுக்கு இடையிலான போக்குவரத்து ரூட்டரையோ ஃபயர்வாலையோ எட்டுவதே இல்லை, சுவிட்ச்சுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. ஒரு கணினியில் புகுந்த தீநிரல், கோப்புப் பகிர்வுக்குரிய 445, தொலைவிலிருந்து கணினியை இயக்குவதற்குரிய 3389 போன்ற போர்ட்கள் வழியாக மற்றதற்குத் தாவுவது இந்தப் பாதையில்தான். 30இலிருந்து 30க்கு உரிய கட்டத்தில் கீழுள்ளபடி எழுதினால், அருகருகே இருக்கும் கணினிகளுக்கு நடுவிலும் விதி நிற்கும்:

```
deny tcp dst eq 445
deny tcp dst eq 3389
permit ip
```

கட்டண ஊழியர்கள் யாரும் மற்றொருவரின் கணினியில் உள்ள கோப்பைத் திறக்கவேண்டிய தேவை இல்லை என்றால், இந்தச் சிறு பட்டியலால் அவர்கள் வேலை எதுவும் கெடாது. அவர்களின் வி-லேனில் இருக்கும் பகிர்வு அச்சுப்பொறிக்கு 30 என்ற டேக்கைத் தராமல் வேறு டேக் தந்துவிட்டால், அச்சிடுவதும் தடைபடாது.

வி-லேன் இதனால் ஒழிந்துவிடுவதில்லை. ஒலிபரப்புப் போக்குவரத்தைப் பிரிக்கவும், ஐபி முகவரிகளைப் பங்கிடவும் அது தொடர்ந்து தேவைப்படும். பணிக்கு ஒன்று என்றிருந்த 24 வி-லேன்கள், தளத்துக்கு ஒன்று என 6 ஆகக் குறையலாம். டேக்கைப் புரிந்துகொள்ளாத பழைய சுவிட்ச்கள் இருந்தால் அவற்றை உடனே மாற்ற வேண்டும் என்பதும் இல்லை. டேக்கைக் கொடுக்கும் முனையும் விதியைச் செயல்படுத்தும் முனையும் தகுதியுடையவையாக இருந்து, நடுவில் எஸ்எக்ஸ்பி இருந்தால் போதும்.

தொடக்கத்தில் பொது விதியை அனுமதி என்றே வைத்துக்கொண்டு, பட சர்வர் போன்ற ஓரிரண்டு கட்டங்களில் மட்டும் மறுப்பை எழுதுவது நல்லது. ஐஎஸ்இயில் ஒரு கட்டத்தைக் கண்காணிப்பு நிலையில் வைக்கும் வசதி உண்டு. அந்நிலையில் விதி எதையும் தடுக்காமல், தடுத்திருக்கக்கூடியவற்றைப் பதிவு மட்டும் செய்யும். வெளிநோயாளர் பிரிவு முழுவீச்சில் இயங்கும் திங்கட்கிழமையும் உள்ளடங்கும்படி ஒரு வாரம் அப்படி ஓடவிட்டால், எந்தக் கருவிக்கு டேக் தவறிவிட்டது என்பது பதிவிலேயே தெரியவரும். கட்டத்தை மாற்றியபிறகு சுவிட்ச் தானாகவே புதிய விதியைக் கேட்டுவாங்க, இயல்பு அமைப்பில் ஒருநாள்வரை ஆகலாம்; ஐஎஸ்இயிலிருந்து உடனே தள்ளிவிடலாம், அல்லது சுவிட்ச்சில் `cts refresh policy` என்று கொடுக்கலாம்.

பொது விதியை மறுப்பு என்று மாற்றத் துணிவதற்கு முன், சுவிட்ச்களே ஒன்றோடொன்றும் ஐஎஸ்இயோடும் பேசும் போக்குவரத்துக்கு வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐஎஸ்இயில் நெட்வொர்க் கருவிகளுக்கென்று 2 என்ற டேக் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டுள்ளது. அதற்கும் 0க்கும் உரிய கட்டங்களில் அனுமதியை முதலிலேயே எழுதாமல் பொது மறுப்பைப் போட்டால், கடலூர் சுவிட்ச் ஐஎஸ்இயை எட்ட முடியாமல் போகலாம். எட்ட முடியாத சுவிட்ச்சுக்கு, திருத்திய விதியை அனுப்பவும் வழி இருக்காது. அப்போது யாராவது கன்சோல் கேபிளோடு கடலூருக்குப் புறப்பட வேண்டியதுதான்.